239 வெள்ளி 50 காசு எங்கே போனது?

"மேடம், ஜூலை மாச ஓடி காசு கம்மியா வந்திருக்கு. என் கணக்குப்படி 632 வெள்ளி வரணும். சீட்டுல 392.50தான் இருக்கு. மீதி 239.50 எங்க போச்சுன்னு சொல்லுங்க."

சிங்கப்பூரின் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர்களிடம் மாதத்தின் முதல் வாரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஓவர்டைம் அவர்கள் வாயில் 'ஓடி' ஆகிவிட்டது. சிங்கப்பூர் டாலர் அங்குள்ள தமிழில் வெள்ளி. அடிப்படைச் சம்பளத்தில் பெரிய மாற்றம் எதுவும் வராது. ஊருக்கு அனுப்பும் தொகை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் ஓடியால்தான். அதனால் சம்பளச் சீட்டில் பலரது கண் முதலில் போவதும் அந்த வரிக்குத்தான்.

இந்தக் கேள்விக்கு மனிதவளப் பிரிவிலிருந்து வரும் பதில் பல இடங்களில் ஒற்றை வரியாக இருக்கும்: 'நிறுவன விதிப்படி கணக்கிடப்பட்டுள்ளது.' கேட்டவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. நல்ல பதில் எப்படி இருக்கும் என்பதை ஒரு மாதிரிக் கடிதத்தை வைத்துப் பார்க்கலாம். இதில் வரும் வெல்டரும் அதிகாரியும் கணக்கைக் காட்டுவதற்காக அமைத்துக்கொண்டவர்கள். விதிகளும் சூத்திரங்களும் சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தில் உள்ளவை.

வெல்டரின் வேலை ஒப்பந்தம் இது. அடிப்படைச் சம்பளம் மாதம் 1,430 வெள்ளி. உணவுக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்துப் படி 234 வெள்ளி. திங்கள் முதல் வெள்ளிக்கிழமை வரை காலை 8 மணிக்கு வேலை தொடங்கி மாலை 4.30-க்கு முடியும், சனிக்கிழமை 3.30 வரை. தினமும் ஒரு மணி நேரம் மதிய உணவு இடைவேளை. அதைக் கழித்தால் வார நாள்களில் ஏழரை மணி நேரமும் சனிக்கிழமை ஆறரை மணி நேரமும் ஆக, வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை. ஞாயிறு ஓய்வு நாள்.

2025 ஜூலையில் அவர் 12 நாள் மாலை 8 மணி வரை இருந்து வேலை செய்தார். ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தார். ஆகஸ்ட் 5 அன்று சம்பளமும் சீட்டும் வந்தன. மறுநாளே அவர் கேள்வியை அனுப்பினார், தன் நோட்டில் போட்ட கணக்கைப் படம் எடுத்துச் சேர்த்து.

அந்தக் கணக்கு இப்படி இருந்தது. மொத்தச் சம்பளம் 1,664. அதை 26 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி. ஒன்றரை மடங்கு 12 வெள்ளி. மாலை 4.30 முதல் 8 வரை மூன்றரை மணி நேரம், 12 நாளுக்கு 42 மணி நேரம். ஆக 504 வெள்ளி. ஞாயிறு வேலைக்கு இரண்டு நாள் சம்பளம், நாளுக்கு 64 வீதம் 128 வெள்ளி. மொத்தம் 632.

சம்பளச் சீட்டிலோ ஓவர்டைம் 30 மணி நேரம், 337.50 வெள்ளி என்றும் ஓய்வு நாள் ஊதியம் 55 வெள்ளி என்றும் இரண்டே வரிகள். சேர்த்தால் 392.50.

ஆகஸ்ட் 11 அன்று மனிதவள அதிகாரி அனுப்பிய பதில் இப்படித் தொடங்குகிறது:

"வணக்கம். உங்கள் நோட்டையும் எங்கள் டைம் கார்டு பதிவையும் ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டுப் பார்த்தேன். உங்களுக்கு 133.75 வெள்ளி குறைவாகக் கொடுத்திருக்கிறோம். அந்தத் தொகை ஆகஸ்ட் 14 அன்று உங்கள் வங்கிக் கணக்கில் சேரும். நீங்கள் கேட்டதில் மீதி 105.75 வெள்ளி ஏன் வராது என்பதையும் கீழே படிப்படியாகக் காட்டியிருக்கிறேன். எந்தப் படியிலாவது உங்கள் கணக்கு வேறாக இருந்தால் அந்தப் படியின் எண்ணைச் சொல்லி எழுதுங்கள்."

முடிவு முதலில் வந்துவிட்டது. எவ்வளவு வரும், என்றைக்கு வரும், எவ்வளவு வராது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டவர் மீதியை நிதானமாகப் படிப்பார். கடைசி வாக்கியத்துக்கும் பயன் உண்டு. அடுத்த சுற்றுக் கேள்வி 'கணக்கு தப்பு' என்று பொதுவாக வராமல், 'இரண்டாம் படியில் ஜூலை 9 தப்பு' என்று குறிப்பாக வரும்.

முதல் படி: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

"ஓவர்டைம் கணக்குக்கு அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே எடுக்க வேண்டும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 1,430. ஒரு மணி நேர விகிதம்:

(12 × 1,430) ÷ (52 × 44) = 17,160 ÷ 2,288 = 7.50 வெள்ளி

ஓவர்டைம் விகிதம் அதில் ஒன்றரை மடங்கு: 7.50 × 1.5 = 11.25 வெள்ளி."

இந்தச் சூத்திரம் நிறுவனம் வகுத்ததில்லை, சட்டத்தில் இருப்பது. 12 மாதச் சம்பளத்தைச் சேர்த்தால் ஓராண்டு அடிப்படை ஊதியம் கிடைக்கும். ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி என்று பெருக்கினால் ஓராண்டின் வேலை நேரம் 2,288 மணி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு மணி நேரத்தின் விலை வந்துவிடும். 28 நாள் பிப்ரவரியாக இருந்தாலும் 31 நாள் ஜூலையாக இருந்தாலும் விகிதம் மாறாது.

வெல்டரின் கணக்கு இங்கே இரண்டு இடத்தில் விலகியது, அதுவும் எதிரெதிர்த் திசைகளில். படியைச் சேர்த்தது ஒன்று. சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஓவர்டைமுக்கான அடிப்படை விகிதத்தில் எந்தப் படியும் சேராது. போனஸ், ஆண்டிறுதிக் கூடுதல் சம்பளம், உற்பத்தி ஊக்கத்தொகை ஆகியவையும் சேரா. ஊரில் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு இது உறுத்துவது இயல்பு. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஓவர்டைமுக்கு இரட்டிப்பு ஊதியம் என்றது. அந்தக் கணக்கில் படிகளையும் சேர்த்தது.

இன்னொன்று 26-ஆல் வகுத்தது. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து நாள் கூலி காண்பது நம் ஊர்ப் பழக்கம். 26 நாளை 8 மணியால் பெருக்கினால் மாதத்துக்கு 208 மணி நேரம். சிங்கப்பூர்ச் சூத்திரத்தில் ஒரு மாதத்துக்கு வருவது ஏறத்தாழ 190.67 மணி நேரம்தான். வகுக்கும் எண் பெரிதானால் கூலி சிறிதாகும். 1,430-ஐ 208-ஆல் வகுத்தால் மணிக்கு 6.88 வெள்ளிதான், சட்டம் தருவதைவிடக் குறைவு. படியைச் சேர்த்ததால் ஏறிய தொகை இந்த இறக்கத்தை மறைத்துவிட்டது.

அதிகாரி இதையும் எழுதியிருந்தார்: "26-ஆலும் 8-ஆலும் வகுத்தால் உங்களுக்குத்தான் நட்டம். இனி உங்கள் நோட்டில் மணிக்கு 11.25 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அடிப்படைச் சம்பளம் மாறும்வரை இந்த எண் மாறாது."

அடிப்படைச் சம்பளத்தின் மேல் ஏன் கண் வைக்க வேண்டும் என்பதும் இந்தப் படியிலேயே தெரிகிறது. மொத்தம் அதே 1,664 வெள்ளியாக இருக்க, அடிப்படையை 1,144 ஆகக் குறைத்துப் படியை 520 ஆக உயர்த்தினால் என்ன ஆகும்? மணி விகிதம் 6 வெள்ளியாகவும் ஓவர்டைம் விகிதம் 9 வெள்ளியாகவும் இறங்கும். மணிக்கு 2.25 வெள்ளி இழப்பு. 37 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் 83.25 வெள்ளி போய்விடும். மாதச் சம்பளத்தின் கூட்டுத்தொகை மாறாததால் சீட்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது தெரியாது.

வேலை அனுமதி அட்டையில் வருபவர்களுக்கு இதற்கு ஒரு காப்பு இருக்கிறது. புறப்படும் முன் கையில் கிடைக்கும் ஐபிஏ கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் தனித்தனியாக அச்சாகியிருக்கும். தொழிலாளி எழுத்தில் சம்மதிக்காமல், மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்காமல் அதில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை முதலாளி குறைக்க முடியாது. சம்பளச் சீட்டின் முதல் வரியை அந்தக் கடிதத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் முதல் படி முடிந்தது.

இரண்டாம் படி: எத்தனை மணி நேரம்?

"நீங்கள் மாலைக்கு மூன்றரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். 5 மணி முதல் 5.30 வரை டீ, சாப்பாட்டு இடைவேளை. அந்த அரை மணியைக் கழித்தால் மாலைக்கு 3 மணி நேரம்."

சட்டப்படி வேலை நேரத்தில் ஓய்வு, டீ, சாப்பாட்டு இடைவேளைகள் சேரா. வெளியே போன நேரத்திலிருந்து உள்ளே வந்த நேரத்தைக் கழித்தால் கிடைப்பது பட்டறையில் இருந்த நேரம். ஊதியம் அதில் வேலை செய்த பகுதிக்குத்தான். ஓவர்டைம் சச்சரவில் அரை மணி அரை மணியாகப் பணம் காணாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

அந்த அரை மணி உண்மையிலேயே ஓய்வாக இருந்ததா என்பது அடுத்த கேள்வி. டைம் கார்டுக்கு அது தெரியாது. கார்டைத் தட்டும் இயந்திரத்தில் 8 மணி என்று பதிவானால், சம்பள மென்பொருள் தானாகவே அரை மணியைக் கழித்துவிடும். இடைவேளை கிடைக்காத நாளிலும் கழிக்கும். வெல்டர் தன் நோட்டில் ஜூலை 17, 18 தேதிகளுக்கு எதிரே 'டீ இல்லை' என்று எழுதி வைத்திருந்தார். அதிகாரி அதை எப்படிச் சரிபார்த்தார் என்பது கவனிக்கத்தக்கது:

"17, 18 தேதிகளில் இடைவேளை எடுக்கவில்லை என்று குறித்திருக்கிறீர்கள். அன்றைய ஃபயர் வாட்ச்மேன் குறிப்பேட்டைப் பார்த்தேன். இரண்டு நாளும் மாலை 4.45 முதல் 7.45 வரை வெல்டிங் நிற்கவில்லை. ஆகவே அந்த இரண்டு அரை மணிகளும் வேலை நேரம்தான். 1 மணி நேரம் சேர்க்கிறேன். அந்த இரண்டு நாளும் மதியம் 1 மணியிலிருந்து இரவு 8 வரை இடைவேளை இல்லாமல் 7 மணி நேரம் வேலை வாங்கியிருக்கக் கூடாது. அதை மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறேன்."

வெல்டிங் நடக்கும் இடத்தில் தீப்பொறியைக் கண்காணிக்க ஒருவர் நிற்பார். வேலை தொடங்கியதையும் முடிந்ததையும் அவர் குறித்துக்கொள்வார். அது பாதுகாப்புக்காக எழுதப்படும் குறிப்பு. சம்பளத்துக்கும் அது சாட்சியாகும் என்று அந்த அதிகாரிக்குத் தோன்றியது. 6 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது என்பது சிங்கப்பூரின் பொது விதி. வேலையின் தன்மையால் நிறுத்த முடியாவிட்டால் 8 மணி நேரம் வரை தொடரலாம். அப்போதும் சாப்பிடக் குறைந்தது 45 நிமிடம் தந்தாக வேண்டும்.

மூன்றாம் படி: ஜூலை கடைசி வாரம் எங்கே?

"ஜூலை 25 வரை 10 மாலைகள் சீட்டில் வந்திருக்கின்றன: 30 மணி நேரம். 29, 30 தேதிகளில் நீங்கள் செய்த 6 மணி நேரம் வரவில்லை. எங்கள் மென்பொருளில் 25-ஆம் தேதியோடு ஓவர்டைம் கணக்கை மூடிவிடுகிறோம். அதற்குப் பிந்தியது அடுத்த மாதச் சீட்டுக்குப் போகிறது. உங்கள் சீட்டில் இந்தத் தேதி அச்சாகவில்லை. அது எங்கள் குறை."

மாதக் கடைசியில் சம்பளத்தைத் தயார் செய்ய நாலைந்து நாள் வேண்டும் என்பதால் நிறுவனங்கள் கணக்கை முன்கூட்டியே மூடுவதுண்டு. உழைத்த நேரம் தொலைந்துவிடுவதில்லை, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகிறது. ஆனால் சீட்டில் தேதி இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அது திருட்டாகத்தான் தெரியும். 2016 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரில் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம். ஓவர்டைம் மணி, ஓவர்டைம் ஊதியம் இரண்டும் அதில் இருக்க வேண்டும். ஓவர்டைம் காலம் சம்பளக் காலத்திலிருந்து வேறுபட்டால் அது தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் இருக்க வேண்டும்.

தேதியை அச்சிட்டுவிட்டால் மட்டும் பிரச்சினை தீராது. சம்பளத்தை, சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் தர வேண்டும். ஓவர்டைம் பணத்தை 14 நாளுக்குள் தர வேண்டும். ஜூலை மாதச் சம்பளக் காலத்தில் செய்த ஓவர்டைமுக்கு ஆகஸ்ட் 14 கடைசி நாள். அதை ஆகஸ்ட் சம்பளத்தோடு செப்டம்பரில் தருவது காலங்கடந்த செயல். அதிகாரியின் பதிலில் ஆகஸ்ட் 14 என்ற தேதி வந்ததன் காரணம் இதுதான். வெல்டர் கேட்டது இரண்டு மாலைகளின் பணத்தை. ஆனால் 25-ஆம் தேதிக்குப் பிறகு ஓடி பார்த்த எல்லோருக்கும் இதே சிக்கல் இருக்கும். "இந்த மாதம் முதல், மூடிய தேதிக்குப் பிறகான ஓவர்டைமைத் தனியாகக் கணக்கிட்டு 14-ஆம் தேதிக்குள் எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம்" என்று பதிலில் ஒரு வரி இருந்தது.

இப்போது மணிக் கணக்கு முடிகிறது. சீட்டில் வந்த 30, கடைசி வாரத்தின் 6, இடைவேளை இல்லாத நாள்களின் 1. மொத்தம் 37 மணி நேரம். 37-ஐ 11.25-ஆல் பெருக்கினால் 416.25 வெள்ளி. ஒரு மாதத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்ற உச்சவரம்புக்குள் இது அடங்குகிறது.

நான்காம் படி: அந்த ஞாயிற்றுக்கிழமை

ஜூலை 20 அன்று வெல்டர் காலை 8 முதல் மாலை 4.30 வரை வேலை செய்தார். இடைவேளை போக ஏழரை மணி நேரம், அதாவது ஒரு முழு நாள் வேலை. அவர் எதிர்பார்த்தது இரண்டு நாள் சம்பளம். சீட்டில் வந்தது ஒரு நாள் சம்பளம்.

ஓய்வு நாள் வேலையை மணிக் கணக்கில் பார்ப்பதில்லை. நாள் கணக்கில் பார்க்கிறார்கள். யார் கேட்டு அந்த வேலை நடந்தது என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். முதலாளி கேட்டு வந்தால், வழக்கமான வேலை நேரத்தில் பாதி வரை செய்ததற்கு ஒரு நாள் சம்பளம். பாதிக்கு மேல் செய்தால் இரண்டு நாள் சம்பளம். தொழிலாளி தானாகக் கேட்டு வந்தால் அதில் சரிபாதி: பாதி நாள் வரை அரை நாள் சம்பளம், அதற்கு மேல் ஒரு நாள் சம்பளம். வழக்கமான நேரத்தையும் தாண்டினால் தாண்டிய மணிகளுக்கு இரு வகையினருக்கும் ஓவர்டைம் தனியாக உண்டு.

"உங்கள் ஒரு நாள் அடிப்படை ஊதியம்:

(12 × 1,430) ÷ (52 × 6) = 17,160 ÷ 312 = 55 வெள்ளி

ஞாயிறு வேலைப் படிவத்தில் 'தொழிலாளியின் வேண்டுகோள்' என்ற கட்டத்தில் டிக் போடப்பட்டிருந்தது. அதனால் ஒரு நாள் சம்பளமான 55 வந்தது. நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில், சனிக்கிழமை மாலை மேற்பார்வையாளர் உங்களை வரச் சொல்லியிருக்கிறார். ஆகவே இது நிறுவனம் கேட்ட வேலை. இரண்டு நாள் சம்பளம் 110 வெள்ளி. இன்னும் 55 வெள்ளி தர வேண்டும்."

படிவத்தில் ஒரு டிக்கின் விலை 55 வெள்ளி. டிக் போட்டது மேற்பார்வையாளர். கீழே கையெழுத்துப் போட்டது வெல்டர். ஆங்கிலப் படிவத்தில் எந்தக் கட்டம் எதற்கு என்று படிக்காமல் கையெழுத்திடுவது பட்டறைகளில் சகஜம். 'நாளைக்கு டூட்டி இருக்கு, வந்துடு' என்ற அந்தச் செய்தியை அவர் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் கணக்கு திருந்தியது. செய்தி இல்லாதிருந்தால், கையெழுத்திட்ட படிவத்துக்கு எதிராக வாய்வார்த்தை மட்டுமே நின்றிருக்கும்.

வெல்டர் எதிர்பார்த்த 128-க்கும் கிடைக்கும் 110-க்கும் இடையில் இன்னும் 18 வெள்ளி இருக்கிறது. முதல் படியில் பார்த்த அதே காரணம்தான். அவர் படியையும் சேர்த்து 26-ஆல் வகுத்தார். சட்டம் அடிப்படைச் சம்பளத்தை எடுத்து ஆண்டுக் கணக்கில் வகுக்கிறது.

கடைசிப் படி: 239.50-ஐ நேர்செய்தல்

பதிலின் இறுதியில் அதிகாரி இரண்டு சிறு பட்டியல்களைக் கொடுத்தார்.

"நாங்கள் தர வேண்டியது:
ஜூலை 29, 30 ஓவர்டைம், 6 மணி × 11.25 = 67.50
ஜூலை 17, 18 இடைவேளை, 1 மணி × 11.25 = 11.25
ஜூலை 20 ஓய்வு நாள், இன்னும் ஒரு நாள் = 55.00
மொத்தம் 133.75 வெள்ளி

உங்கள் கணக்கில் கூடுதலாக இருப்பது:
10 மாலைகளின் இடைவேளை, 5 மணி × 12 = 60.00
விகித வேறுபாடு, 37 மணி × 0.75 = 27.75
ஓய்வு நாள் வேறுபாடு, 128 − 110 = 18.00
மொத்தம் 105.75 வெள்ளி

133.75 + 105.75 = 239.50"

கேட்ட தொகை ஒரு காசு மிச்சமில்லாமல் பிரிந்துவிட்டது. ஓவர்டைம் விளக்கம் முழுமையாக இருக்கிறதா என்பதற்கு இதுவே சோதனை. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள இடைவெளியை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தேதியோ ஒரு விதியோ சொல்ல முடிய வேண்டும். 'சில மணி நேரங்கள் விடுபட்டிருந்தன, திருத்திவிட்டோம்' என்று எழுதி 133.75 வெள்ளியை மட்டும் அனுப்பியிருந்தால், மீதி 105.75-ஐ நிறுவனம் விழுங்கிவிட்டது என்ற நினைப்பு வெல்டரின் மனத்தில் அப்படியே இருந்திருக்கும். அடுத்த மாதமும் அவர் 12 வெள்ளி வீதமே கணக்குப் போட்டிருப்பார்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. ஓவர்டைம், ஓய்வு நாள் விதிகள் வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதியில் இருக்கின்றன. உடலுழைப்புத் தொழிலாளர்களில் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாதவர்களும், மற்ற ஊழியர்களில் 2,600 வெள்ளிக்கு மேற்படாதவர்களும் இந்தப் பகுதிக்குள் வருவார்கள். மேலாளர்களுக்கும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இது கிடையாது. வீட்டு வேலைக்கு வருபவர்கள் இந்தச் சட்டத்துக்கே வெளியே இருக்கிறார்கள்.

பதில் இவ்வளவு நேர்மையாக எப்போதும் வராது. வராதபோது கையில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். ஐபிஏ கடிதத்தின் நகல், மாதாமாதச் சம்பளச் சீட்டு, வேலைக்கு வரச் சொன்ன செய்திகள், தேதி போட்டு எழுதிய ஒரு நோட்டு ஆகிய நான்கும் போதும். நோட்டில் வந்த நேரம், போன நேரத்தோடு இடைவேளை கிடைத்ததா என்பதையும் அன்றன்றைக்கே எழுத வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பிய நோட்டை யாரும் நம்பமாட்டார்கள். நிறுவனமும் தன்னிடம் வேலை பார்ப்பவர்களின் சம்பளப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு வைத்திருக்கக் கடமைப்பட்டது. ஆகவே 'பழைய கார்டு இல்லை' என்ற பதிலை உடனே ஏற்க வேண்டியதில்லை.

முதலில் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். எதிர்பார்த்த தொகையையும் அதற்கான கணக்கையும் சேர்த்தே அனுப்புங்கள். விளக்கம் வராவிட்டால், டாடெம் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் முத்தரப்பு அமைப்பிடம் சம்பள முறையீடு பதியலாம். வேலையில் இருப்பவர்கள் பிரச்சினை எழுந்த ஓர் ஆண்டுக்குள் பதிய வேண்டும். வேலையை விட்டவர்களுக்குக் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம்.